ஸ்போர்ட் மோடில் குதிரைகள் கூடுவதில்லை

டெஸ்ட் டிரைவில் சாலை கொஞ்சம் காலியானதும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் விற்பனையாளர் "இப்ப ஸ்போர்ட்ல போட்டுப் பாருங்க சார்" என்பார். போட்டதும் கார் சீறும், வாங்க வந்தவர் முகம் மலரும். அந்த நொடியில் எஞ்சினுக்குள் என்ன கூடியது? பெரும்பாலான பெட்ரோல், டீசல் கார்களில் ஒன்றும் கூடவில்லை. 115 குதிரைத்திறன் எஞ்சின் ஈகோவிலும் 115தான், ஸ்போர்ட்டிலும் 115தான். மின்சாரக் கார்களின் கதை வேறு. அவற்றில் பல, ஈகோவில் உச்சத் திறனையே குறைத்துக்கொள்ளும்.

பிறகு அந்தச் சீறல் எங்கிருந்து வந்தது? பழைய கார்களில் ஆக்சிலரேட்டரிலிருந்து எஞ்சின் வரை ஒரு கேபிள் ஓடும். கால் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு த்ராட்டில் திறக்கும். இன்றைய கார்களில் அந்தக் கேபிள் இல்லை. பெடலில் உள்ள சென்சார்கள் 'இவ்வளவு அழுத்தியிருக்கிறார்' என்று எஞ்சின் கணினிக்குச் சொல்லும். அதற்கு எவ்வளவு இழுவை தருவது என்பதைக் கணினி தன்னிடமுள்ள அட்டவணையைப் பார்த்து முடிவுசெய்யும். மோடை மாற்றினால் முதலில் மாறுவது இந்த அட்டவணைதான்.

ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். பெடலை 30 சதவீதம் அழுத்துகிறீர்கள். எஞ்சின் தரக்கூடியதில் 20 சதவீதத்தை ஈகோ தருகிறது, நார்மல் 30 தருகிறது, ஸ்போர்ட் 50 தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெடலைத் தரையோடு சேர்த்து மிதித்தால் மூன்றுமே 100 தந்துவிடும். பாதி மிதிக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். "ஈகோல வண்டி இழுக்கவே மாட்டேங்குது" என்று அலுத்துக்கொள்பவர்களில் பலர், பெடலைப் பாதிக்கு மேல் அழுத்திப் பார்த்ததே இல்லை. இதே காரணத்தால்தான் நகர நெரிசலில் ஸ்போர்ட் எரிச்சலூட்டும். கால் ஒரு விரற்கடை நகர்ந்தாலே கார் குதிக்கும்.

இதை வீட்டுக்காரே நிரூபித்துக் காட்டும். காலியான சமதளச் சாலையில், காலை அசைக்காமல் ஈகோவில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே ஸ்போர்ட்டுக்கு மாற்றுங்கள். கார் தானாக முன்னே பாயும். அடுத்து க்ரூஸ் கன்ட்ரோலில் 80 வைத்துவிட்டு அதே பொத்தானை அழுத்துங்கள். இந்த முறை பாய்ச்சல் இருக்காது. க்ரூஸ் கன்ட்ரோல் உங்கள் பெடல் வழியாகப் பேசுவதில்லை, அதனால் பெடல் அட்டவணை மாறியது அதற்குப் பொருட்டில்லை. ஆட்டோமேட்டிக் காராக இருந்தால் ஆர்பிஎம் முள் மட்டும் மேலே ஏறக்கூடும்.

முள் ஏறுகிறதே, அங்கேதான் உண்மையான மாற்றம் இருக்கிறது, கியர்பாக்ஸில். ஈகோ மோடு எவ்வளவு சீக்கிரம் மேல் கியருக்குப் போக முடியுமோ அவ்வளவு சீக்கிரம் போய்விடும், கீழ் கியருக்கு இறங்கத் தயங்கும். ஸ்போர்ட் கீழ் கியரிலேயே நின்று எஞ்சினை அதிகமாகச் சுழலவிடும். ஒரே வேகத்துக்கு எஞ்சின் மெதுவாகச் சுழன்றால் உராய்வு இழப்பும் காற்றை உள்ளிழுக்கும் இழப்பும் குறையும். ஈகோவில் பெட்ரோல் மிச்சமாவது பெரும்பாலும் இதனால்தான், பல கார்களில் ஏசியையும் கொஞ்சம் அடக்கி வைப்பதால். பெடல் மந்தமாவது உங்கள் காலைப் பொறுமையாக்குகிறதே தவிர, அதுவாகச் சிக்கனம் தருவதில்லை. ஈகோவில் ஆழமாக மிதித்து ஸ்போர்ட் வேகத்திலேயே ஓட்டினால், மிச்சம் சொற்பம்தான்.

இந்தக் கியர் குணத்தைப் பார்க்க கொல்லிமலையைவிட நல்ல இடம் கிடைக்காது. 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது ஈகோவில் போட்டால், வளைவில் வேகம் குறைந்த பிறகும் கியர்பாக்ஸ் மேல் கியரைப் பிடித்துக்கொண்டிருக்கும். நீங்கள் இன்னும் அழுத்துவீர்கள். அது யோசித்துக் கியரை இறக்கும், கார் வெடுக்கென்று பாயும். அதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும், திரும்பவும் மேல் கியர். ஸ்போர்ட்டில் வளைவு முழுக்க இரண்டாவது அல்லது மூன்றாவது கியர் நிலைத்து நிற்கும்.

இறங்கும்போதுதான் இது வெறும் சுகம் சார்ந்த விஷயமாக இல்லாமல் போகிறது. இறக்கத்துக்கு ஈகோதானே பொருத்தம், பெட்ரோலும் மிச்சமாகும் என்று தோன்றும். ஆனால் மேல் கியரில் எஞ்சின் காரைப் பிடித்து நிறுத்துவது மிகக் குறைவு. சில கார்களில் ஈகோ மோடு, கால் எடுத்ததும் கியரையே விடுவித்து வண்டியை உருளவிடும். அப்போது முழுப் பாரமும் பிரேக் மேல் விழும். தொடர்ந்து மிதிபடும் பிரேக் சூடேறும், கருகல் வாடை வரும், பிறகு பிடிப்பு குறைய ஆரம்பிக்கும். மலைச்சாலைகளில் 'இரண்டாவது கியரில் செல்லவும்' என்று பலகை வைத்திருப்பது இதற்காகத்தான். மேனுவலாகக் கியரைப் பூட்டிவைக்கும் வசதி இருந்தால் அதுவே சிறந்தது. இல்லாவிட்டால் பல ஆட்டோமேட்டிக் கார்களில் இறக்கத்துக்கும் ஸ்போர்ட்தான் சரி. பெயர் குழப்பினாலும் அங்கே அது செய்கிற வேலை நிதானமான வேலை.

ஸ்டீயரிங்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நீங்கள் எவ்வளவு பலத்தோடு திருப்புகிறீர்கள் என்பதை ஒரு சென்சார் அளக்க, ஒரு மோட்டார் உதவிக்கு வரும். ஸ்போர்ட்டில் அந்த உதவி குறையும், ஸ்டீயரிங் கனக்கும், அவ்வளவே. எத்தனை சுற்றுக்குச் சக்கரம் எவ்வளவு திரும்பும் என்ற கணக்கு பெரும்பாலான கார்களில் மாறுவதே இல்லை. கனமான ஸ்டீயரிங் சாலையைப் பற்றிக் கூடுதலாக எதுவும் சொல்வதுமில்லை. என் பார்வையில், மூன்றிலும் ஒப்புக்குச் செய்யப்படும் மாற்றம் இதுதான்.

மிச்சமிருப்பது, நம் ஊரில் பலரும் சிரித்துக்கொண்டே கடந்துபோகும் 'ஸ்னோ'. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் க்ரெட்டாவின் சில ஆட்டோமேட்டிக் வகைகளில்கூட ஸ்னோ, மட், சாண்ட் என்று தேர்வுகள் உண்டு. முன்சக்கரங்கள் மட்டுமே இழுக்கும் கார் அது. பனியில் சக்கரம் பிடிக்காமல் சுழல்வதற்குக் காரணம், பிடிப்பு தாங்குவதைவிட அதிக விசை போவது. அதனால் ஸ்னோ பெடலை மந்தமாக்கும், பல கார்களில் முதல் கியரை விட்டு இரண்டாவதிலேயே கிளம்பவைக்கும். சக்கரம் லேசாகச் சுழன்றாலே ட்ராக்‌ஷன் கன்ட்ரோல் விசையைக் குறைக்கும். மழையில் ஊறிய களிமண் பாதையிலோ ஈரப் புல்லிலோ கிளம்பவும் இது உதவும். சாண்ட் இதற்கு நேர் எதிர். மணலில் சக்கரம் கொஞ்சம் சுழன்றுகொண்டே இருந்தால்தான் வண்டி நகரும், எனவே அது சுழலவிடும். மணலில் ஸ்னோ போட்டால், விசை வெட்டப்பட்டு கார் அங்கேயே புதைந்து நிற்கலாம்.

மணாலிப் பக்கம் பனி பார்க்கப் போகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். மேலே சொன்னதெல்லாம் கிளம்புவதற்கும் முடுக்குவதற்கும் மட்டுமே. 40 கிலோமீட்டர் வேகத்தில் காய்ந்த தார்ச்சாலையில் பிரேக் பிடித்தால் சுமார் 8 மீட்டரில் நிற்கும் கார், இறுகிய பனியில் நிற்க ஏறத்தாழ 25 மீட்டர் எடுக்கும். ஸ்னோ பொத்தான் அதில் ஒரு மீட்டரைக்கூடக் குறைக்காது. குறைக்கக்கூடியவை பனிக்கான டயரும், சக்கரத்தில் சுற்றும் சங்கிலியும், முதலிலேயே 40-இல் போகாமல் இருப்பதும்தான்.