உங்களுக்குத் தெரியுமா? ஓடும் ரயிலில் பிறந்த குழந்தைக்கு எது பிறந்த ஊர்?

நிறைமாதக் கர்ப்பிணி ரயிலில் போகிறார். நடுராத்திரியில் வலி எடுக்கிறது. பெட்டியில் இருக்கும் பெண்கள் சேலையை விரித்துப் பிடித்து மறைப்புக் கட்டுகிறார்கள். குழந்தை பிறந்துவிடுகிறது. ஜன்னலுக்கு வெளியே இருட்டு, வயல், பெயர் தெரியாத ஊர். இந்தக் குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் ‘பிறந்த இடம்’ என்று எதை எழுதுவார்கள்?

வண்டி அடுத்து எங்கே நிற்கிறதோ, அந்த ஊர்தான் கணக்கு.

தமிழ்நாடு பிறப்பு இறப்புப் பதிவு விதிகள், 2000 இதைத் தெளிவாகவே சொல்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும் வாகனத்தில் பிறப்பு நடந்தால், வாகனத்தின் பொறுப்பாளர் ‘முதலில் நிற்கும் இடத்தில்’ அந்தத் தகவலைக் கொடுக்க வேண்டும், அல்லது கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும். பிற மாநிலங்களின் விதிகளும் இதே மாதிரிதான். வாகனம் என்றால் எது என்பதற்கும் விளக்கம் தந்திருக்கிறார்கள்: விமானம், படகு, கப்பல், ரயில் பெட்டி, மோட்டார் கார், மோட்டார் சைக்கிள், வண்டி, ரிக்‌ஷா. ரிக்‌ஷாவில் பிறந்த பிள்ளையையும் சட்டம் விட்டுவிடவில்லை.

● ஓர் உதாரணம் பார்க்கலாம்

சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் இரவு ரயில் என்று வைத்துக்கொள்வோம். விழுப்புரம் தாண்டி, உளுந்தூர்பேட்டையும் தாண்டிய பிறகு குழந்தை பிறக்கிறது. அடுத்து வண்டி நிற்கும் நிலையம் விருத்தாசலம்.

குழந்தை பிறந்த நேரத்தில் வண்டி எந்தக் கிராமத்தின் எல்லையில் ஓடியது, எந்தக் கிலோமீட்டர் கல்லைக் கடந்தது என்று யாரும் தேட மாட்டார்கள். டிக்கெட் பரிசோதகர் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்வார். அங்கிருந்து ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தகவல் போகும். நிலையத்தில் ஆம்புலன்ஸ் காத்திருக்கும். தாயும் சேயும் அரசு மருத்துவமனைக்குப் போவார்கள். பிறப்பு பதிவாவது விருத்தாசலத்தில், ‘பிறந்த இடம்’ விருத்தாசலம். பெற்றோருக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி, கர்ப்பம் முழுக்கப் பார்த்த மருத்துவமனை சென்னை என்றாலும் இது மாறாது.

தவறு நடப்பது இந்த இடத்தில்தான். குழந்தையோடு ஊர் போய்ச் சேர்ந்தபின், ‘நம்ம ஊரிலேயே பதிந்துவிடலாம்’ என்று பெரியவர்கள் யாராவது சொல்வார்கள். அக்கறையில் சொல்வதுதான். ஆனால் பிறப்பைப் பதியும் அதிகாரம், பிறப்பு நடந்த இடத்தின் பதிவாளருக்கு மட்டுமே உண்டு. பெற்றோர் எங்கே குடியிருக்கிறார்கள் என்பதற்கு அதில் வேலை இல்லை. மருத்துவமனைக் காகிதத்தில் ஓர் ஊர், சான்றிதழில் ஓர் ஊர் என்று முரண்பட்டால், பாஸ்போர்ட் எடுக்கும்போது அது வந்து நிற்கும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கையிலிருந்து பாஸ்போர்ட் வரை, பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் சான்று பிறப்புச் சான்றிதழ்தான். ஆகவே சான்றிதழ் கைக்கு வந்ததும் ‘பிறந்த இடம்’ என்ற வரியை ஒரு முறை நிறுத்திப் படியுங்கள். பிழை இருந்தால் திருத்தித் தரும் அதிகாரம் பதிவாளருக்கு உண்டு.

● அந்தக் குழந்தை எந்த ஊர்க் கணக்கில்?

விருத்தாசலத்தில் பதிந்துவிட்டதால், மக்கள்தொகைக் கணக்கிலும் அது விருத்தாசலத்துப் பிள்ளையாகிவிடுமா? ஆக வேண்டியதில்லை. பிறப்பு அறிக்கைப் படிவத்தில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. முதல் பகுதி சட்டத்துக்கு. அதில் தேதி, இடம், பெற்றோர் பெயர், தகவல் கொடுத்தவர் பெயர் எல்லாம் வரும். இரண்டாவது பகுதி புள்ளிவிவரத்துக்கு. தாய் வழக்கமாக வசிக்கும் ஊர், அவர் வயது, பிரசவம் பார்த்தது யார், குழந்தையின் எடை போன்றவை அதில் இருக்கும். சான்றிதழில் ஏறுவது முதல் பகுதி மட்டுமே. தாயின் ஊரை வைத்துக் கணக்கெடுக்க உதவுவது இரண்டாவது பகுதி.

● நேரத்தைக் குறித்து வையுங்கள்

படிவம் பிறந்த தேதியைக் கேட்கிறது, மணியைக் கேட்பதில்லை. ஆனால் இரவு ரயிலில் பன்னிரண்டு மணியை ஒட்டிப் பிறந்தால், ஐந்து நிமிடத்தில் தேதியே மாறிவிடும். பெட்டியில் இருக்கும் யாராவது ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துத் தாளில் எழுதி வைப்பது பெரிய உதவி. ஜாதகம் எழுதும் குடும்பங்களுக்கும் இது தேவைப்படும். ஒரு ராசியின் லக்னம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஓடும். பத்து இருபது கிலோமீட்டர் தள்ளிப் பிறந்ததால் அதில் பெரிய வித்தியாசம் வராது. நேரத்தை அரைமணி தப்பாகச் சொன்னால் வரலாம்.

● அமெரிக்காவில் எப்படி?

அங்கே சற்று வேறு மாதிரி. ஓடும் வாகனத்தில் பிறந்த குழந்தையை எந்த ஊரில் முதன்முதலாக வாகனத்திலிருந்து கீழே இறக்குகிறார்களோ, அதுவே பிறந்த ஊர். வண்டி வழியில் பத்து இடங்களில் நின்றாலும் கணக்கில்லை. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடலில் பிறந்த அமெரிக்கக் குடிமகனின் பாஸ்போர்ட்டில் ‘கடலில்’ என்றும், அப்படிப்பட்ட வான்வெளியில் பிறந்தவருக்கு ‘வானில்’ என்றும் பிறந்த இடத்தைக் குறிப்பிடுவார்கள்.

● ரயிலில் பிறந்த இருவர்

உலகப் புகழ்பெற்ற பாலே நடனக் கலைஞர் ருடால்ஃப் நூரியெவ் 1938 மார்ச் 17 அன்று, சைபீரியாவைக் கடந்துகொண்டிருந்த ரயிலில் பிறந்தார். செஞ்சேனையில் பணியாற்றிய கணவரிடம் போய்ச் சேர, அவருடைய தாய் பெண் குழந்தைகளோடு விளாடிவஸ்டாக் நோக்கிப் பயணப்பட்டிருந்தார். பைக்கால் ஏரிக்கு அருகில், இர்குட்ஸ்க் பக்கத்தில் பிள்ளை பிறந்தது. நூரியெவின் குடும்பம் தாத்தார் இனம். அவர் வளர்ந்தது உஃபாவில். இர்குட்ஸ்க்கோடு அந்தக் குடும்பத்துக்கு வேறு எந்த உறவும் இல்லை. ஆனாலும் கலைக்களஞ்சியங்கள் அவர் பிறந்த இடமாக இர்குட்ஸ்க்கைத்தான் குறிப்பிடுகின்றன. 1961-ல் பாரிஸ் விமான நிலையத்தில் சோவியத் குழுவைவிட்டு விலகிய அவர், 1982-ல் ஆஸ்திரியா குடியுரிமை தரும்வரை இருபது ஆண்டுகளுக்கு மேல் நாடற்றவராகவே ஆடிக்கொண்டிருந்தார். பிறந்த ஊர் எது என்று கேட்டாலும், எந்த நாட்டுக்காரர் என்று கேட்டாலும் ஒரே சொல்லில் விடை சொல்ல முடியாத வாழ்க்கை அது. எனக்கு இந்தக் கதையில் மனம் நின்றுவிடுகிறது.

இன்னொருவர் அமெரிக்க பேஸ்பால் வீரர் ராட் கரூ. 1945 அக்டோபர் 1 அன்று பனாமா கால்வாய்ப் பகுதியில், காட்டூன் அருகே ரயிலில் பிறந்தார். அதே ரயிலில் பயணம் செய்த ராட்னி க்ளைன் என்ற டாக்டர் ஓடி வந்து உதவினார். நன்றிக்கடனாகத் தாய் பிள்ளைக்கு அந்த டாக்டரின் முழுப் பெயரையும் வைத்தார்: ராட்னி க்ளைன் கரூ.

● கப்பலில் பிறந்தால்?

கப்பல் அடுத்த துறைமுகத்துக்குப் போய்ச் சேர நாள்கணக்கில் ஆகலாம். அதனால் அங்கே முதல் பதிவு மாலுமித் தலைவரான கேப்டனின் கையில். கப்பலின் அதிகாரபூர்வப் பதிவேட்டில் பிறந்த தேதி, ஆணா பெண்ணா, பெற்றோர் பெயர் ஆகியவற்றை அவர் எழுத வேண்டும். நிலத்தில் ஊர்ப் பெயர் இருக்கும் இடத்தில், கடலில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இருக்கும்.

குடியுரிமை என்று வந்தால், கணக்கு இன்னும் விசித்திரமாக மாறுகிறது. இந்தியக் குடியுரிமைச் சட்டம், 1955-ன்படி, பதிவு பெற்ற கப்பலில் பிறந்தவர் அந்தக் கப்பல் எங்கே பதிவானதோ அங்கே பிறந்தவராகவே கருதப்படுவார். துறைமுகத்தில் நிற்கும் கப்பலின் பின்புறத்தைப் பாருங்கள். கப்பலின் பெயருக்குக் கீழே ஓர் ஊர்ப் பெயர் இருக்கும். அது கப்பல் பதிவான துறைமுகம். அங்கே ‘மும்பை’ என்றிருந்தால், அரபிக்கடலின் நடுவில் பிறந்த குழந்தையும் குடியுரிமைக்கு மும்பையில் பிறந்த குழந்தைதான்.

அந்த இடத்தில் ‘பனாமா’ என்று எழுதியிருந்தால்? உலகின் ஏராளமான வணிகக் கப்பல்கள் பனாமா கொடியோடுதான் ஓடுகின்றன. அந்தக் கப்பலில் இந்தியத் தம்பதிக்குப் பிறக்கும் குழந்தை, நம் சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டில் பிறந்த குழந்தை. பெற்றோர் இந்தியர் என்பதால் வம்சாவளி வழியில் இந்தியக் குடியுரிமை உண்டு. ஆனால் தானாக வந்துவிடாது. ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். பிள்ளைக்கு வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று எழுதித் தர வேண்டும். ஓராண்டு தாண்டினால் மத்திய அரசின் அனுமதி தேவை. கப்பலில் வேலை பார்க்கும் கணவரோடு பயணம் போகும் பெண்கள் இதை அவசியம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

● ஒரே கப்பல், இரண்டு குழந்தைகள்

1620-ல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறப் போன மேஃபிளவர் கப்பலில் இரண்டு குழந்தைகள் பிறந்தன. ஒன்று அட்லாண்டிக் கடலின் நடுவே பிறந்தது. கடலை நினைத்து அதற்கு ஓஷியானஸ் என்று பெயர் வைத்தார்கள். மற்றது, கப்பல் கேப் காட் விரிகுடாவில் நங்கூரமிட்டு நின்றபோது பிறந்தது. அதன் பெயர் பெரக்ரின். பயணி என்று பொருள். முதல் குழந்தை சில ஆண்டுகளுக்குள் இறந்துபோனது. பெரக்ரின் எண்பது வயதைத் தாண்டி வாழ்ந்தார்.

● இலவச ரயில் பாஸ் உண்டா?

ரயிலில் பிறந்தால் ஆயுள் முழுக்க இலவசப் பயணம் என்று நம் ஊரில் சொல்வார்கள். இந்திய ரயில்வேயில் அப்படி ஒரு விதி கிடையாது. 2018-ல் பாரிஸ் நகர ரயிலில் பிறந்த ஓர் ஆண் குழந்தைக்கு அந்த ரயில் நிறுவனம் 25 வயது வரை இலவசப் பயணம் அறிவித்தது. அது அவர்களாக விரும்பித் தந்த பரிசு.

● 21 நாள்

பிறப்பைப் பதிய 21 நாள் அவகாசம். அதற்குள் பதிந்தால் தாமதக் கட்டணம் இல்லை. அதைத் தாண்டினால் கட்டணம். 30 நாளைத் தாண்டினால் உயரதிகாரியின் அனுமதி. ஓராண்டைத் தாண்டினால் நிர்வாக நடுவரின் உத்தரவு வரை போக வேண்டிவரும். குழந்தைக்குப் பெயர் வைக்கவில்லையே என்று காத்திருக்க வேண்டாம். பெயரில்லாமல் முதலில் பதிந்துவிட்டு, 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ரயிலில் பிரசவம் ஆனவர்கள் பதியத் தவறுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: இறங்கிய ஊரில் அவர்களுக்கு யாரையும் தெரியாது, மறுநாளே ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கிளம்பும் முன் ஒருவர் மட்டும் மருத்துவமனைப் பதிவுப் பிரிவில் போய்ப் பேசிவிட்டு வாருங்கள். ஏழு மாதம் தாண்டிய கர்ப்பிணி வீட்டிலிருந்து பயணம் புறப்பட்டால், தண்ணீர் பாட்டிலோடு மூன்றை மறக்காமல் பையில் வையுங்கள்: தாய்சேய் நலப் புத்தகம், பிக்மி எண், ஆதார் நகல். வழியில் வலி எடுத்தால் ரயில்வே உதவி எண் 139.