நான்கு கடை, இரண்டு ஜோடி

இவ்வாண்டு பள்ளித் தவணை மீண்டும் ஜனவரிக்கே வந்துவிட்டது. பகாங்கில் ஜனவரி 12, திங்கட்கிழமை பள்ளி திறப்பு. அதே வாரத்தில் பொங்கல். தேயிலைத் தோட்டத்தில் ஏழாம் தேதி வாக்கில்தான் சம்பளம் கைக்கு வரும். ஆக, நான்கைந்து நாளுக்குள் இரண்டு பிள்ளைகளுக்கும் சப்பாத்து வாங்க வேண்டும், பொங்கல் சாமானும் வாங்க வேண்டும். அரசாங்கம் பிள்ளைக்கு 150 ரிங்கிட் என்று தரும் உதவித்தொகை சீருடைக்கும் பைக்கும் சரியாகப் போய்விட்டது. மாதம் 1,700 ரிங்கிட் அடிப்படைச் சம்பளம் வாங்கும் எனக்கு, ஜோடிக்குப் பத்து வெள்ளி வித்தியாசம் என்றாலும் பெரிய வித்தியாசம்தான்.

பிள்ளைகளைக் கடைக்கு அழைத்துப் போகவில்லை. மோட்டார் சைக்கிளில் மழையும் மலைப்பாதையும் ஒரு காரணம். முதலாம் ஆண்டு போகும் மகன் விளக்கு எரிகிற சப்பாத்துதான் வேண்டும் என்று நிற்பான் என்பது இன்னொரு காரணம். அதனால் சாயங்காலம், நாள் முழுக்க நடந்து பாதம் சற்று விரிந்திருக்கும் நேரத்தில், இருவரையும் அட்டைமேல் நேராக நிற்கவைத்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டு வெட்டிக்கொண்டேன். உட்கார்ந்தபடி அளந்தால் பாதம் சிறியதாகக் காட்டும். சப்பாத்துக்குள் அட்டையை நுழைத்தால், முன்னால் ஒரு பெருவிரல் அகலம் மிஞ்ச வேண்டும். அளவு எண்ணை மட்டும் நம்ப முடியாது. ஒரு கம்பெனியின் 32 இன்னொரு கம்பெனியில் 33 ஆக இருக்கிறது.

வியாழன் சாயங்காலம் முதலில் ரிங்லெட். அங்கே ரப்பர் அடி வைத்த கறுப்புத் துணிச் சப்பாத்து, சின்ன அளவு 24, பெரிய அளவு 32 ரிங்கிட்.

வெள்ளிக்கிழமை தாப்பாவுக்குப் போகும் லாரியில் தொற்றிக்கொண்டேன். கீழே விலை குறைவு என்பது எங்கள் லயத்தில் வேதவாக்கு. உண்மைதான். ஒரு கடையில் கழிவு விற்பனை. எந்த அளவாக இருந்தாலும் 22 ரிங்கிட். பஞ்சு போல் லேசான அடி, பளபளப்பான மேல்தோல். கை பணத்துக்குப் போய்விட்டது. அப்போதுதான் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் ஞாபகம் வந்தது. போன வருடம் பள்ளி திறந்த முதல் வாரம், சபை கூடலில் நின்றிருந்தபோதே அவள் சப்பாத்தின் அடி பிண்ணாக்கு மாதிரி உதிர்ந்துபோனது. புதுச் சப்பாத்து, பெட்டியிலிருந்து எடுத்து நான்கு நாள்தான்.

அந்த லேசான அடி பெரும்பாலும் பாலியூரித்தேன். காற்றிலுள்ள ஈரம் மெல்ல மெல்ல அதன் உள்கட்டைப் பிரித்துவிடும். காலில் போடாமல் பெட்டிக்குள் சும்மா வைத்திருந்தாலும் பிரியும். சில வருடம் கிடந்த சரக்கு வெளியே புதிதாகத் தெரியும், உள்ளே செத்திருக்கும். கேமரன் மலை ஈரத்தில் நிலைமை இன்னும் மோசம். ரப்பர் அடிக்கு இந்த நோய் இல்லை. கொஞ்சம் கனம், அவ்வளவுதான்.

சோதிப்பது எளிது. அடியின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் பள்ளம் உடனே எழும்ப வேண்டும். பிசுபிசுத்தாலோ, தூள் ஒட்டினாலோ வைத்துவிட வேண்டும். பிறகு, விரல் மடியும் இடத்தில் சப்பாத்தை வளைத்துப் பார்க்க வேண்டும். தாப்பா சப்பாத்தை வளைத்தேன். மடிப்பில் மயிரிழை மாதிரி கீறல்கள்.

"என்ன அண்ணே, சப்பாத்தை முறிக்கிறீங்க?" என்றார் கடைக்காரத் தம்பி.

"இல்லப்பா, அதுவே முறியுது."

சனிக்கிழமை தானா ராத்தா. அங்கே ரப்பர் அடியை மேல்தோலோடு சுற்றித் தைத்த சப்பாத்து 38 ரிங்கிட். இரவு பிரிஞ்சாங் பாசார் மாலாமில் 28க்கு ஒன்று. வெறும் பசை ஒட்டுதான், ஓரத்தில் நகம் நுழைந்தது. மழையில் நனைந்ததை அடுப்போரம் வைத்துக் காயவைப்பது எங்கள் வீடுகளில் வழக்கம். அந்தச் சூட்டில் முதலில் விடுவது இந்தப் பசைதான். உள்ளே பழைய பேப்பர் திணித்து, ஈரமானதும் மாற்றி, அடுப்புக்குத் தள்ளி வைப்பதே நல்லது.

இதற்குப் பிறகுதான் கணக்கு. ஆறாம் ஆண்டு போகும் மகளின் பாதம் போன வருடத்து அட்டையைவிட ஒரு நூல்கூட வளரவில்லை. 38 ரிங்கிட் சப்பாத்து அவளுக்குப் பத்து மாதம் உழைத்தால் மாதம் நாலு வெள்ளிக்கும் குறைவு. அடுத்த வருடம் இடைநிலைப் பள்ளியிலும் கறுப்புதான், கிழியாவிட்டால் அங்கேயும் போடலாம். மகன் கதை வேறு. ஆறேழு மாதத்தில் கால் வளர்ந்துவிடும். அவனுக்கு 38 கொடுப்பது, நல்ல சப்பாத்தைப் பரண்மேல் போடுவதற்குக் காசு கொடுப்பது. ரிங்லெட்டின் 24 ரிங்கிட் துணிச் சப்பாத்து போதும்.

வீடு திரும்பும் வழியில் தானா ராத்தாவில் ஒரு ஜோடி, ஞாயிறு காலை ரிங்லெட்டில் ஒரு ஜோடி. மொத்தம் 62 ரிங்கிட். தாப்பாவிலேயே இரண்டையும் வாங்கியிருந்தால் 44.

"பதினெட்டு வெள்ளி கூடவா?" என்றாள் மனைவி. மகள் சப்பாத்தைத் திருப்பி, அடியைத் தன் நகத்தால் ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். பிறகு பொங்கல் சாமான் எழுதிய சீட்டை எடுத்து, கரும்பு இரண்டு என்றிருந்ததை ஒன்று என்று திருத்தினாள்.