பழுது மோட்டாரிலா, இ.எஸ்.சி.யிலா? சப்ளையருக்கு எழுத வேண்டிய கடிதம்

‘நீங்கள் அனுப்பிய மோட்டார்கள் சரியில்லை, மாற்றிக் கொடுங்கள்’ என்று ஒரு வரியில் புகார் அனுப்பினால், சப்ளையரிடமிருந்து வரும் பதிலை முன்கூட்டியே சொல்லிவிடலாம். ‘வயரைத் தவறாக இணைத்திருப்பீர்கள், வோல்ட்டேஜைக் கூட்டிக் கொடுத்திருப்பீர்கள், எங்கள் மோட்டாரில் குறை இல்லை, உங்கள் இ.எஸ்.சி.யைப் பாருங்கள்.’ இந்த இரண்டு சந்தேகங்களுக்கும், அதாவது பழுது எந்தப் பொருளில், அது எப்போது வந்தது என்ற கேள்விகளுக்கு, கடிதத்திலேயே விடை இருந்தால்தான் பேச்சு அடுத்த கட்டத்துக்கு நகரும்.

ட்ரோனில் இந்த இரண்டு பொருள்களின் பழுதும் ஒன்றுபோலத் தெரியும். பிரஷ்லெஸ் மோட்டாரில் செப்புச் சுருள்கள் அசையாமல் இருக்கின்றன. காந்தங்கள் பதித்த மேல்மூடிதான் சுற்றுகிறது. சுருள்களிலிருந்து மூன்று வயர்கள் வெளியே வருகின்றன. பேட்டரியின் மின்சாரத்தை அந்த மூன்றில் இரண்டிரண்டாக மாற்றி மாற்றிச் செலுத்துவது இ.எஸ்.சி. எனப்படும் வேகக் கட்டுப்படுத்தியின் வேலை. அதே நேரத்தில் மின்சாரம் செல்லாத மூன்றாவது வயரில், சுற்றும் காந்தங்கள் உண்டாக்கும் சிறு வோல்ட்டேஜை அது கவனித்துக்கொண்டிருக்கும். காந்தம் இப்போது எங்கே இருக்கிறது, அடுத்து எந்த ஜோடிக்கு மாற வேண்டும் என்பது அதற்குத் தெரிவது இந்த வழியில்தான். ஆகவே மோட்டாரின் ஒரு வயரில் இணைப்பு தளர்ந்திருந்தால் இ.எஸ்.சி. தடுமாறும். இ.எஸ்.சி.யில் ஒரு டிரான்சிஸ்டர் சரியாகத் திறந்து மூடாவிட்டாலும் மோட்டார் அதே மாதிரிதான் உதறும். கண்ணால் பார்த்துக் குற்றவாளியைச் சொல்ல முடியாது.

ஒரு மாதிரிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். கல்லூரி மாணவர்களுக்குப் பயிற்சி ட்ரோன் கட்டித் தரும் ஒரு சிறு பட்டறை, 2212 அளவு மோட்டார்கள் 40, 30 ஆம்பியர் இ.எஸ்.சி.கள் 40 என்று ஒரே பேட்சாக வாங்குகிறது. முதலில் இரண்டு ட்ரோன்களைக் கட்டுகிறார்கள். எட்டு மோட்டார்களில் இரண்டு, கிளம்பும்போது சுற்றாமல் துடிக்கின்றன. ஓர் இ.எஸ்.சி. கருகிவிடுகிறது. இங்கே பட்டறைக்காரர் செய்ய வேண்டிய முதல் காரியம், மீதமுள்ள 32 ஜோடிகளையும் தொடாமல் அப்படியே தனியே எடுத்து வைப்பது. ஒரு முறைகூடப் பொருத்தாத பொருளில் பழுதைக் காட்டிவிட்டால், ‘நீங்கள்தான் எரித்தீர்கள்’ என்ற பதிலுக்கு அத்தோடு இடமில்லை.

சோதனையை ஆரம்பிக்கும் முன் புரொப்பெல்லர்களைக் கழற்றிவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு மோட்டாருக்கும் இ.எஸ்.சி.க்கும் தனித்தனி எண் ஒட்ட வேண்டும். மோட்டாரை வேறு இ.எஸ்.சி.யில் மாற்றிப் போட்டுப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த வழிதான். ஆனால் உள்ளே ஷார்ட்டான மோட்டார், நல்ல இ.எஸ்.சி.யையும் சேர்த்துக் கொன்றுவிடும். அதனால் மாற்றிப் போடும் முன் மோட்டாரை அளந்துவிடுவது நல்லது.

சாதாரண மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து இதை அளக்க முடியாது. இந்த மோட்டாரில் இரண்டு வயர்களுக்கு இடையிலான தடை, ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியது. மீட்டரின் சொந்த வயர்களே ஏறக்குறைய அவ்வளவு தடை காட்டும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. பெஞ்ச் பவர் சப்ளையில் மின்னோட்டத்தைச் சரியாக 1 ஆம்பியரில் நிறுத்தி, மோட்டாரின் இரண்டு வயர்கள் வழியே செலுத்த வேண்டும். மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, அதன் முனைகளைச் சப்ளையின் கிளிப்பில் வைக்காமல் மோட்டாரின் கனெக்டரிலேயே வைத்துப் பார்க்க வேண்டும். 1 ஆம்பியருக்கு எத்தனை மில்லிவோல்ட் வருகிறதோ, அத்தனை மில்லிஓம்தான் தடை. மூன்று வயர்களுக்கு மூன்று ஜோடிகள், ஆக மூன்று அளவுகள்.

நல்ல மோட்டாரில் 118, 119, 118 என்று மூன்றும் ஒட்டி வருகின்றன. துடித்த மோட்டாரில் 118, 410, 412. இந்த எண்களே காரணத்தையும் சொல்கின்றன. மூன்று ஜோடிகளில் ஒன்று மட்டும் ஒழுங்காக இருக்கிறது. எகிறிய இரண்டு ஜோடிகளுக்கும் பொதுவாக இருப்பது ஒரே வயர். சுருளில் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஷார்ட்டாகியிருந்தால் தடை குறைந்திருக்கும். இங்கே கூடியிருக்கிறது. அந்த வயரின் கனெக்டரைப் பிடித்து லேசாக அசைத்தால் அளவு 160க்கும் 400க்கும் இடையே ஏறி இறங்குகிறது. அப்படியானால் பழுது சுருளில் இல்லை, அந்த ஒரு வயரின் முனைப் பற்றவைப்பில்.

இது இந்த வகை மோட்டார்களில் வரக்கூடிய தயாரிப்புக் குறைதான். சுருளின் மெல்லிய இழைகளே பலவாகச் சேர்ந்து வெளியே வயராக நீள்கின்றன. ஒவ்வோர் இழையின் மேலும் எனாமல் பூச்சு உண்டு. கனெக்டரில் ஈயம் வைக்கும் முன் அந்தப் பூச்சைச் சுரண்டியோ சுட்டோ முழுவதும் எடுக்க வேண்டும். அவசரத்தில் சில இழைகளில் பூச்சு தங்கிவிட்டால், ஈயம் சுற்றிலும் மூடிக்கொள்ளும், உள்ளே மின்தொடர்பு இருக்காது. மேலே ஹீட் ஷ்ரிங்க் உறையும் ஏறிவிட்டால் வெளியே எதுவும் தெரியாது. இதை நேரில் காட்ட ஒரே ஒரு மோட்டாரின் உறையை மட்டும் வெட்டிப் படம் எடுத்தால் போதும். மற்றவற்றை வந்தபடியே விட்டுவைக்க வேண்டும். எல்லாவற்றையும் பிரித்து நாமே ஈயம் வைத்துச் சரிசெய்துவிட்டால், ஓடக்கூடிய மோட்டார்கள் கிடைக்கும். காட்டுவதற்குச் சாட்சி இருக்காது.

அடுத்தது இ.எஸ்.சி. மூன்று அளவுகளும் ஒட்டி வந்து, ஒழுங்காகச் சுற்றவும் செய்த ஒரு மோட்டாரைச் சோதனைக்கென்று ஒதுக்கி, 32 புது இ.எஸ்.சி.களிலும் அதையே மாட்டிப் பார்க்க வேண்டும். பவர் சப்ளையில் மின்னோட்டத்துக்கு 2 ஆம்பியர் வரம்பு வைத்தால், எங்காவது ஷார்ட் இருந்தாலும் புகை வராது. இந்தக் கணக்கில் 30 இ.எஸ்.சி.கள் ஒழுங்காகச் சுற்றுகின்றன. இரண்டு மட்டும் பீப் ஒலி எழுப்பித் தயாராகிவிட்டு, திராட்டிலைக் கொடுத்ததும் மோட்டாரை உதற வைக்கின்றன. மோட்டார் நல்லது என்பது ஏற்கெனவே தெரிந்ததால் குறை இ.எஸ்.சி.யில் என்று உறுதியாகிறது.

கருகிப்போன அந்த ஓர் இ.எஸ்.சி.யை இந்த இரண்டோடு சேர்த்து எழுதக் கூடாது. அது பழுதான மோட்டாரோடு ஓடியது. அதிலேயே குறை இருந்ததா, மோட்டாரால் கெட்டதா என்று இனிமேல் பிரிக்க முடியாது. அதைத் தனிக் கோரிக்கையாக வைப்பதுதான் நேர்மை. அது பலவீனமான கோரிக்கை என்பதால், மற்றவற்றோடு கலந்தால் அவற்றின் பலமும் போய்விடும்.

இப்போது கடிதம் எழுதலாம். தலைப்பில் இன்வாய்ஸ் எண், சரக்கு வந்த தேதி, பேட்ச் எண் மூன்றும் இருக்க வேண்டும். உடல் இப்படி அமையலாம்:

“ஐயா, மேற்கண்ட இன்வாய்ஸின்படி தங்களிடமிருந்து 40 மோட்டார்களும் 40 இ.எஸ்.சி.களும் பெற்றோம். இவற்றில் 9 மோட்டார்கள் பழுது. அவற்றில் 7, நாங்கள் பொருத்தவோ ஓட்டவோ செய்யாத புது மோட்டார்கள். 3 இ.எஸ்.சி.கள் பழுது. அவற்றில் 2 புதியவை. மூன்றாவது, பழுதான மோட்டாருடன் ஓடியபோது கெட்டது.

ஒவ்வொரு மோட்டாரிலும் 1 ஆம்பியர் செலுத்தி மூன்று ஜோடி வயர்களையும் அளந்தோம். 40க்கும் அட்டவணை இணைத்துள்ளோம். நல்ல 31 மோட்டார்களில் மூன்று அளவுகளும் ஒத்திருக்கின்றன. பழுதான 9இல் ஒரு வயருக்குரிய இரண்டு அளவுகள் மட்டும் கூடியுள்ளன. கனெக்டரை அசைத்தால் மாறுகின்றன. 14ஆம் எண் மோட்டாரின் உறையை மட்டும் வெட்டிப் பார்த்ததில், எனாமல் நீங்காத இழைகள் தெரிகின்றன. படமும் வீடியோவும் இணைப்பில். மற்ற 8 மோட்டார்களைப் பிரிக்கவில்லை. தாங்கள் கேட்டால் அனுப்பத் தயார்.

பொருத்திய மோட்டார்களை 3 செல் பேட்டரியில், தங்கள் விவரக் குறிப்பில் உள்ள 10 அங்குலப் புரொப்பெல்லருடன் மட்டுமே ஓட்டினோம். அடித்தகட்டில் போட்ட திருகுகள் சுருளைத் தொடவில்லை என்பதைப் படத்தில் காணலாம்.

9 மோட்டார்களையும் புதிய 2 இ.எஸ்.சி.களையும் மாற்றித் தரவும், அனுப்பும் செலவை ஏற்கவும் கோருகிறோம். மூன்றாவது இ.எஸ்.சி.யைப் பற்றித் தங்கள் முடிவைத் தெரிவிக்கவும். மீதி 31 மோட்டார்களும் இதே பேட்ச் என்பதால், பற்றவைப்புக் குறைக்கான காரணத்தையும், அவற்றுக்குத் தாங்கள் தரும் உத்தரவாதக் காலத்தையும் எழுத்தில் வேண்டுகிறோம். 10 வேலை நாட்களுக்குள் பதிலை எதிர்பார்க்கிறோம்.”

திருகுகளைப் பற்றிய அந்த வரி சும்மா சேர்த்ததல்ல. மோட்டாரை ட்ரோனின் கையில் பிடிக்கும் 3 மில்லிமீட்டர் திருகு சற்று நீளமாகிவிட்டால், அடித்தகட்டைத் தாண்டிப் போய்ச் சுருளைக் குத்தி எனாமலைக் கிழித்துவிடும். பயன்படுத்துபவர்கள் மோட்டாரைக் கெடுக்கும் வழிகளில் இது மிகப் பழகியது. சப்ளையரின் டெக்னீஷியனும் முதலில் இதைத்தான் கேட்பார். கேட்பதற்கு முன்பே விடை சொல்லிவிட்டால் ஒரு வாரக் கடிதப் போக்குவரத்து மிச்சம்.

கடிதத்தில் கோபத்துக்கும் ‘மட்டமான சரக்கு’ போன்ற சொற்களுக்கும் இடம் தராதீர்கள். 40இல் 9 என்ற கணக்கு அதைவிட அழுத்தமாகப் பேசும். நல்லவை 31 என்று ஒப்புக்கொள்வதும் நமக்குத்தான் பலம். எல்லாவற்றையும் அளந்தோம், நல்லதை நல்லது என்று எழுதினோம் என்பதால் பழுது என்று சொன்னதும் நம்பப்படும்.

காலமும் முக்கியம். இந்தியாவுக்குள் வாங்கிய சரக்குக்கு 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் பொருந்தும். வாங்கியவருக்குப் பரிசோதித்துப் பார்க்க உரிமை உண்டு. ஆனால் நியாயமான காலம் கடந்தும் நிராகரிக்கிறேன் என்று சொல்லாமல் வைத்திருந்தால், ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதும். அதன்பிறகு நஷ்டஈடு கேட்கலாம், சரக்கைத் திருப்புவது கடினம். வணிகத்துக்காக வாங்கியவர் பொதுவாக நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போக முடியாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்கியவருக்கு மட்டும் அதில் விலக்கு தருகிறது. ஆன்லைன் தளங்கள் வழியே வெளிநாட்டில் வாங்கினால், தகராறு எழுப்ப அந்தந்தத் தளம் தரும் கெடு ஆர்டர் பக்கத்திலேயே இருக்கும். அந்தக் கெடுவுக்குள் புகாரைத் தளத்தில் பதிந்துவிட்டு, பிறகு கடிதப் பேச்சைத் தொடரலாம்.

மாற்று மோட்டார்கள் வந்ததும் ட்ரோனில் பொருத்தும் முன் அதே மூன்று அளவுகளை எடுத்து, அதே அட்டவணையின் கீழ் எழுதிவிட வேண்டும். கனெக்டரை அசைத்தும் பார்க்க வேண்டும். புதியவற்றிலும் ஒரு வயர் தனித்து நின்றால், இரண்டாவது கடிதத்தில் ஒன்றிரண்டை மாற்றித் தரும்படி கேட்பதில் பொருளில்லை. பற்றவைப்பு முறையே இன்னும் திருந்தவில்லை என்று அர்த்தம். அப்போது கேட்க வேண்டியது முழுப் பணத்தை.