அத்தானுக்கு எழுதும் பிறந்தநாள் வாழ்த்து

அக்காள் கணவருக்கு எழுதும் பிறந்தநாள் வாழ்த்தில் தோழமையும் மரியாதையும் சேர்ந்தே இருக்க வேண்டும். வெறும் மரியாதை மட்டும் இருந்தால் அது அலுவலக மேலாளருக்கு எழுதியது போலாகிவிடும். தோழமை எல்லை மீறினால் அவர் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். தமிழில் இந்த இரண்டுக்கும் தனித்தனி இடம் உண்டு. அழைக்கும் முறையும் வினைச்சொல்லின் முடிவும் மரியாதையைப் பார்த்துக்கொள்கின்றன. நெருக்கத்தைச் சொல்லப்படும் செய்திதான் காட்ட வேண்டும். முதலாவது சரியாக அமைந்துவிட்டால் இரண்டாவதில் தாராளமாகப் பேசலாம்.

தமிழ் உறவுமுறையில் உடன்பிறந்தவர்களும் பங்காளிகளும் ஒரு பக்கம். மாமன் மச்சான்கள் மறுபக்கம். அக்காள் கணவர் இரண்டாவது பக்கத்தைச் சேர்ந்தவர். கேலிக்கும் கிண்டலுக்கும் வழக்கமாகவே இடமுள்ள பக்கம் அது. மனைவியின் தம்பி நாளை அவருடைய பிள்ளைகளுக்குத் தாய்மாமன் ஆகிறான்; காதுகுத்தில் அவன் மடியில்தான் குழந்தையை உட்கார வைப்பார்கள். மதுரை வட்டாரப் பிரமலைக் கள்ளர்களைப் பற்றி 1957-இல் நூல் எழுதிய பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன், திருமணத்தால் வரும் உறவு தென்னிந்தியாவில் ஒரு தலைமுறையோடு முடியாமல் அடுத்த தலைமுறைக்கும் தொடர்வதை விரிவாக எடுத்துக்காட்டினார். கேலி செய்யும் உரிமையும் சீர் செய்யும் கடமையும் இந்த உறவில் ஒன்றாக வருகின்றன. வாழ்த்தின் தொனியும் இதையொட்டியே அமைகிறது.

முதலில் விளிப்பு. அக்காள் கணவரை அத்தான் என்றும் மாமா என்றும் மச்சான் என்றும் வீட்டுக்கு வீடு அழைக்கிறார்கள். பிராமணக் குடும்பங்களில் அத்திம்பேர் என்பார்கள். இதில் எது சரி என்ற கேள்விக்கே இடமில்லை. அந்த வீட்டில் நாள்தோறும் வாயில் வரும் சொல்லே வாழ்த்திலும் வர வேண்டும். இளையவர் பெயர் சொல்லி அழைப்பது வழக்கமில்லை. பாசத்தோடு ‘அண்ணா’ என்று தொடங்கினாலும் பல வீடுகளில் பெரியவர்கள் திருத்துவார்கள். அவர் அண்ணன் என்றால் அக்காளுக்கும் அவர் உடன்பிறந்தவர் ஆகிவிடுவார், முறை மாறிவிடும். ‘கூடப்பிறந்த அண்ணன் மாதிரி’ என்று உணர்வாகச் சொல்லலாம், விளியாக வைக்கக்கூடாது.

அடுத்தது வினைமுடிவு. செய்தி பேச்சுத்தமிழில் இருக்கலாம், ஆனால் ‘வாங்க, இருந்தீங்க, சொன்னீங்க’ என்ற ‘ங்க’ விடுபடக்கூடாது. அந்த ‘ங்க’ நிற்கும்வரை எவ்வளவு உரிமையோடு பேசினாலும் மரியாதை குறையாது.

மூன்றாவது, வாழ்த்தும் திசை. ஆசி பெரியவரிடமிருந்து சிறியவருக்கு வருவது. ‘நீடூழி வாழ்க’ என்று வயதில் இளையவர் மூத்தவருக்கு ஆசி கூறுவது பொருந்தாது என்பதால்தான் மேடைகளில் ‘வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்’ என்கிறார்கள். வீட்டுச் செய்திக்கு அவ்வளவு விறைப்பு வேண்டியதில்லை. ‘நல்லா இருக்கணும்னு சாமியைக் கும்பிட்டுக்கிறேன்’ என்றால் இளையவரின் இடத்திலிருந்தே வாழ்த்திவிடலாம். தங்கை கணவர் என்றால் நிலைமை வேறு. அங்கே வாழ்த்துபவர் மூத்தவர் என்பதால் ஆசி கூறலாம். ஆனால் அவர் வீட்டு மாப்பிள்ளை என்பதால், வயதில் சிறியவராக இருந்தாலும் ‘வாங்க, போங்க’ என்றே பேச வேண்டும்.

வடிவம் சரியான பின் செய்தி. எல்லாருக்கும் அனுப்பக்கூடிய வாழ்த்துப் படத்தில் நெருக்கம் இருக்காது. அவர் செய்த ஒரு காரியத்தை, எந்தச் சமயத்தில் செய்தார் என்பதோடு சொன்னால் போதும். ‘நீங்க ரொம்ப நல்லவர்’ என்பது யாருக்கும் பொருந்தும். அவர் வந்து நின்ற ஒரு ராத்திரி அவருக்கு மட்டுமே பொருந்தும்.

ஓர் எடுத்துக்காட்டு. வெளியூரில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, அக்காளின் மாமனார் மாமியாரும் உள்ள குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இப்படி எழுதுகிறான் என்று வைத்துக்கொள்வோம்:

‘ஹேப்பி பர்த்டே மாம்ஸ்! வயசும் ஏறுது, தொப்பையும் ஏறுது. அக்காவுக்குப் பயப்படாம இன்னைக்காவது சந்தோஷமா இருங்க. அவளை நல்லா பார்த்துக்கோங்க. ட்ரீட் எப்போ?’

தம்பியின் மனதில் அன்புதான் இருக்கிறது. ஆனாலும் இதில் மூன்று சிக்கல்கள் உண்டு. உடம்பைப் பற்றிய கேலியை இருவரும் தனியாக இருக்கும்போது சிரித்துக்கொண்டு விட்டுவிடலாம். பெற்றோர் படிக்கும் இடத்தில் அது அவரைக் கூச வைக்கும். மனைவிக்குப் பயப்படுகிறார் என்ற கேலியை அவருடைய தாய் வேறுவிதமாக எடுத்துக்கொள்ளலாம், அதன் பலனை அனுபவிப்பது அக்காள். ‘அவளை நல்லா பார்த்துக்கோங்க’ என்பது இதுவரை சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்ற புகாராகவும் தொனிக்கும். அதே தம்பி இப்படி எழுதலாம்:

‘அத்தான், இனிய பிறந்தநாள் வாழ்த்துகள். அப்பா ஆஸ்பத்திரியில இருந்த வாரம் ராத்திரியெல்லாம் நீங்கதான் பக்கத்துல இருந்தீங்க. “நீ வேலையைப் பாரு, இங்க நான் இருக்கேன்”னு போன்ல சொன்னீங்க. அன்னைக்குத்தான் எனக்குத் தூக்கமே வந்துச்சு. கேரம்ல மட்டும் போன தடவை என்னைத் தோக்கடிச்சதை மறக்கல. பொங்கலுக்கு வரும்போது பார்த்துக்கலாம். நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நல்லா இருக்கணும்னு சாமியைக் கும்பிட்டுக்கிறேன்.’

இதிலும் கேலி உண்டு. ஆனால் அது விளையாட்டைப் பற்றியது, தோற்றவனும் எழுதுபவன்தான். நன்றி ஒரு நிகழ்ச்சியைத் தொட்டு நிற்கிறது. மருத்துவமனைச் செலவை அவர் ஏற்றிருந்தாலும் குழுவில் பணக்கணக்கைச் சொல்லாமல் விடுவதே நல்லது. அதை நேரில் பேசிக்கொள்ளலாம். கடைசியில் தன் பெயருக்குப் பதிலாக, அவர் தன்னை அழைக்கும் சொல்லையே, ‘தம்பி’ என்றோ ‘மச்சான்’ என்றோ எழுதி முடித்தால் உறவு இன்னும் தெளிவாகும். விருந்து கேட்பது, பழைய கதைகளைக் கிளறுவது போன்றவற்றைத் தனிச்செய்தியில் வைத்துக்கொள்ளலாம்.

எந்த நாளில் அனுப்புவது என்பதையும் அக்காளிடம் கேட்டுக்கொள்வது நல்லது. பல குடும்பங்களில் ஆங்கிலத் தேதி ஒன்று, தமிழ் மாதமும் நட்சத்திரமும் சேர்ந்த பிறந்தநாள் இன்னொன்று என இரண்டும் உண்டு. நட்சத்திரப் பிறந்தநாள் ஆண்டுதோறும் ஆங்கிலத் தேதியில் இடம் மாறும். கோயிலில் அர்ச்சனை செய்யும் வழக்கமுள்ள வீட்டில் இந்த நாளில் வரும் ஒரு வரி வாழ்த்து, பெரியவர்களுக்கும் நிறைவாக இருக்கும்.

அறுபதாம் பிறந்தநாளில் மட்டும் இந்த முறை மாறுகிறது. தமிழ் ஆண்டுப் பெயர்கள் 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுழல்வதால், ஒருவர் பிறந்த ஆண்டின் பெயரே அப்போது திரும்பி வருகிறது, மணிவிழா கொண்டாடுகிறார்கள். அன்று இளையவர்கள் தம்பதியின் காலில் விழுந்து ஆசி வாங்குவது வழக்கம். அதனால் அன்றைய செய்தியில் கேலியைக் குறைத்து, நேரில் வர முடியாதவர் ‘உங்க ரெண்டு பேரோட ஆசீர்வாதம் வேணும்’ என்று எழுதுவதே பொருத்தம்.