இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும்? பிரிட்டனின் மொபைல் ஒப்பந்தக் கணக்கு

பிரிட்டனில் மாதக் கட்டணத்தில் புதிய கைபேசியுடன் இணைப்பு வாங்குபவர், பல நேரங்களில் ஒரே நாளில் இரண்டு ஒப்பந்தங்களுக்குச் சம்மதம் தருகிறார். ஒன்று பேச்சுக்கும் டேட்டாவுக்குமான சேவை ஒப்பந்தம். மற்றொன்று கைபேசியின் விலையைத் தவணையில் அடைப்பதற்கான கடன் ஒப்பந்தம். 2013-இல் ஓ2 நிறுவனம் இப்படிப் பிரித்து விற்கத் தொடங்கியது. இன்று வேறு நிறுவனங்களும் அதே வழியில் விற்கின்றன. மாதாமாதம் பில் ஒன்றாகவே வருவதால் இந்த இரட்டைத்தன்மை கண்ணில் படுவதில்லை. பாதியில் விலக நினைக்கும்போதுதான் அது தெரியவருகிறது.

சேவை ஒப்பந்தத்தின் கட்டாயக் காலம் 24 மாதத்தைத் தாண்டக் கூடாது என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் விதி. அந்தக் காலம் முடியுமுன் விலகுபவர் முன்விலகல் கட்டணம் செலுத்த வேண்டும். மிச்சமுள்ள மாதங்களின் சேவைக் கட்டணமே இதற்கு அடிப்படை. சில நிறுவனங்கள் அதில் சிறிது கழித்துக்கொள்கின்றன. கைபேசிக் கடன் 36 மாதம் வரைகூட நீளும். பெரும்பாலும் அதற்கு வட்டி இல்லை. 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்துக்கு உட்பட்ட கடன் என்றால், பாக்கியை எப்போது வேண்டுமானாலும் முன்கூட்டியே அடைக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கைபேசியின் விலை 720 பவுண்டு, 36 தவணை. மாதம் 20 பவுண்டு. சேவைக்கு மாதம் 18 பவுண்டு, கட்டாயக் காலம் 24 மாதம். 14 மாதம் கட்டிய பிறகு ஒருவர் விலக நினைக்கிறார். கைபேசியில் 22 தவணை பாக்கி, அதாவது 440 பவுண்டு. சேவையில் 10 மாதம் மிச்சம், 180 பவுண்டு. இரண்டும் சேர்ந்து 620 பவுண்டு என்று நிறுவனம் சொல்லும்போது பலரும் மலைத்துப் போகிறார்கள்.

ஆனால் அந்த 620-இல் 440 பவுண்டு அபராதமே அல்ல. விலகினாலும் விலகாவிட்டாலும் அந்தக் கைபேசிக்காகக் கொடுத்தே தீர வேண்டிய பணம் அது. உண்மையான இழப்பு, பயன்படுத்தாத சேவைக்குத் தரும் 180 பவுண்டு மட்டுமே. புதிய இணைப்பு மாதம் 8 பவுண்டுக்குக் கிடைத்தாலும், அடுத்த 10 மாதத்துக்கு அந்த 80 பவுண்டு கூடுதல் செலவாகவே சேரும். சிக்னல் சரியாகக் கிடைக்காத இடத்துக்குக் குடிபோனவருக்கு அது தகும். விலை மலிவு என்பதற்காக மட்டும் மாறுபவர் 24-ஆம் மாதம் வரை பொறுப்பதே நல்லது. அப்போது முன்விலகல் கட்டணம் இருக்காது. கைபேசியின் 12 தவணை, 240 பவுண்டு மட்டும் நிற்கும். அதைத் தொடர்ந்து தவணையாகக் கட்டலாமா, மொத்தமாக அடைக்க வேண்டுமா என்பதைக் கடன் ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முன்விலகல் கட்டணம் இல்லாமல் வெளியேற ஒரு வழி உண்டு. ஒப்பந்தத்தில் முன்பே சொல்லாத விலையேற்றத்தை நிறுவனம் கொண்டுவந்தால், ஒரு மாதத்துக்கு முன்பே அறிவிக்க வேண்டும், வாடிக்கையாளர் விலகிக்கொள்ளலாம். கைபேசிப் பாக்கி அப்போதும் நிற்கும்.

அடுத்தது முன்னறிவிப்புக் காலம். கட்டாயக் காலம் முடிந்தவர் தொலைபேசியில் அழைத்து இணைப்பை நிறுத்தச் சொன்னால், வழக்கமாக 30 நாள் அறிவிப்புக் காலத்துக்குக் கட்டணம் ஓடும். வேறு நிறுவனத்துக்கு மாறுபவர் அதைத் தர வேண்டியதில்லை. 2019 ஜூலை 1 முதல், மாறிய நாளுக்குப் பிறகான அறிவிப்புக் காலக் கட்டணத்தை ஆஃப்காம் தடை செய்துவிட்டது. எண்ணைத் தக்கவைத்துக்கொள்ள PAC என்று 65075-க்கும், எண் வேண்டாதவர் STAC என்று 75075-க்கும் குறுஞ்செய்தி அனுப்பினால் போதும். ஒரு நிமிடத்துக்குள் வரும் பதிலில், 30 நாள் செல்லுபடியாகும் குறியீட்டுடன் முன்விலகல் கட்டணமும் கைபேசிப் பாக்கியும் இருக்கும். குறியீட்டைப் புதிய நிறுவனத்திடம் கொடுத்தால் அடுத்த வேலை நாளுக்குள் மாற்றம் முடியும். பழைய இணைப்பு தானாக நின்றுவிடும். முடிவெடுக்காமல் தொகையை மட்டும் அறிய நினைப்பவர் INFO என்று 85075-க்கு அனுப்பலாம்.

பலர் தவறுவது இதற்குப் பிறகுதான். மாறியாயிற்று என்று நினைத்து, வங்கியில் டைரக்ட் டெபிட்டை உடனே நிறுத்திவிடுகிறார்கள். கடைசி பில் அதன்பின் வருகிறது. பணம் போகாமல் பாக்கி விழுகிறது. கட்டாமலே விட்டு, அது கடன் தவறியதாகப் பதிவானால், 20 பவுண்டு பாக்கியானாலும் அந்தப் பதிவு கடன் வரலாற்றில் ஆறு ஆண்டு இருக்கும். கடைசி பில் கட்டிமுடிந்து, கைபேசிக் கடனும் முடிந்ததாக எழுத்தில் வந்த பிறகே டைரக்ட் டெபிட்டை நிறுத்துங்கள்.