ஓட்டுக் கூரைப் படத்தில் சோலார் பேனலைப் பொருத்துவது

வீட்டுக் கூரையில் சோலார் பேனல் போடுவதற்கான மதிப்பீட்டுடன், வேலை முடிந்தபின் வீடு எப்படித் தோன்றும் என்ற மாதிரிப் படமும் பெரும்பாலும் சேர்க்கப்படுகிறது. கூரையைப் படமெடுத்து, கணினியில் அதன்மேல் பேனல்களைப் பொருத்தி இதைச் செய்கிறார்கள். மொட்டை மாடியில் அளவு காட்டும் அடையாளங்கள் அதிகம் இருக்காது. ஓட்டுக் கூரையிலோ ஒவ்வொரு ஓடும் ஓர் அளவுகோல். கேமராவிலிருந்து விலக விலக வரிசைகள் எவ்வளவு சுருங்குகின்றன என்பதை ஓடுகளே காட்டிவிடுகின்றன. அவற்றை எண்ணினால் பேனலின் நான்கு மூலைகளும் எங்கே விழவேண்டும் என்பது தெரிந்துவிடும்.

இதற்கு முதலில் ஓட்டின் அளவு தேவை. படமெடுக்கப் போகும்போதே, மேலே தெரியும் ஓட்டின் அகலத்தையும், ஒரு வரிசையின் கீழ்விளிம்பிலிருந்து அடுத்ததன் கீழ்விளிம்பு வரையுள்ள தூரத்தையும் டேப்பால் அளந்துகொள்ள வேண்டும். ஓட்டின் முழு அளவை எடுத்துக்கொண்டால் கணக்கு தவறும். ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்காருவதால் ஒரு பகுதி மறைந்தே இருக்கும். மங்களூர் ஓடு வேய்ந்த ஒரு கூரையில் இந்த அளவுகள் 21 செ.மீ., 32 செ.மீ. என்று வைத்துக்கொள்ளலாம்.

அங்கே 113 செ.மீ. அகலமும் 172 செ.மீ. உயரமும் கொண்ட நான்கு பேனல்களை ஒரே வரிசையில், நிமிர்ந்த வாக்கில் வைக்கவேண்டும். இடைவெளி 2 செ.மீ. என்றால் மொத்த அகலம் 458 செ.மீ.; அதாவது ஏறக்குறைய 22 ஓடுகள். உயரம் ஐந்து வரிசைக்குச் சற்றுக் கூடுதல். மோட்டிலிருந்தும் ஓரங்களிலிருந்தும் போதிய இடம் விட்டு, இந்த எண்ணிக்கைப்படி படத்தில் நான்கு புள்ளிகள் குறிக்கப்படுகின்றன. அகலக் கோண லென்ஸில் எடுத்த படமாக இருந்தால் இறவாணக் கோடு வில்லாக வளைந்திருக்கும். அதை நேராக்கிய பிறகே புள்ளி குறிக்கவேண்டும்.

அடுத்து, நான்கு பேனல்களையும் நேர்முகமாக, அதே விகிதத்தில் ஒரே படமாக வரைந்துகொள்ள வேண்டும். ஒரு செ.மீ.க்கு 5 பிக்சல் என்றால் 2290க்கு 860. போட்டோஷாப்பில் இதை `Convert to Smart Object` ஆக்கி, `Edit > Transform > Distort` மூலம் ஒவ்வொரு மூலையையும் குறித்த புள்ளிக்கு இழுக்கலாம். ஜிம்ப்பில் இதற்கு `Perspective` கருவி இருக்கிறது. `Skew` இங்கே உதவாது. அது படத்தை இணைகரமாகச் சாய்க்குமே தவிர, தொலைவிலுள்ள பேனலைச் சிறிதாக்காது. ஒரு பேனலை மட்டும் பொருத்தி மற்றவற்றை நகலெடுத்து ஒட்டுவதிலும் இதே பிழைதான் நேர்கிறது.

சரியாக அமைந்ததா என்று பார்ப்பது சுலபம். இரண்டாவது, மூன்றாவது பேனல்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி பதினோராவது ஓட்டின் முடிவில் விழவேண்டும். முன்னாலோ பின்னாலோ விழுந்தால், ஏதோ ஒரு மூலை தவறான இடத்தில் இருக்கிறது என்று பொருள்.

கோணம் சரியாக வந்தபிறகும் பேனல் ஓட்டின்மேல் ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரியே தெரியும். உண்மையில் பேனல் ஓட்டைத் தொடுவதில்லை. ஓட்டுக்கடியில் மாட்டிய கொக்கிகள் தண்டவாளக் கம்பிகளைத் தாங்க, அவற்றின்மேல் பேனல் சுமார் 10 செ.மீ. உயரத்தில் நிற்கிறது. எனவே நான்கு மூலைகளையும் கூரைக்குச் செங்குத்தாக அந்த அளவுக்கு உயர்த்த வேண்டும். ஓட்டு அகலத்தில் பாதி என்று கொண்டால் போதும். அருகிலுள்ள மூலை அதிகமாகவும் தொலைவிலுள்ளது குறைவாகவும் நகரும். கேமராவை நோக்கிய விளிம்பில் சட்டத்தின் மூன்று செ.மீ. தடிமன் தெரியவேண்டும். பேனலுக்குக் கீழே தனி லேயரில் `Multiply` முறையில் நிழல் வரைந்து, படத்தில் ஏற்கெனவே உள்ள நிழல்கள் சாயும் பக்கமே அதையும் சாய்த்துவிட்டால் பேனல் எழும்பி நிற்கும்.

சாய்வு விஷயத்தில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. சென்னை 13 பாகை அட்சரேகையில் இருப்பதால், அங்கே மொட்டை மாடியில் பேனலை ஏறக்குறைய அந்தச் சாய்விலேயே தெற்கு நோக்கி நிறுத்துவது வழக்கம். ஓட்டுக் கூரையோ பெரும்பாலும் அதைவிடச் செங்குத்தானது. அதில் பேனல் கூரையின் சாய்வோடுதான் படுக்கும். மாடிக்கான சாய்வைப் படத்தில் ஓட்டின்மேல் காட்டினால், பொருத்தவே போகாத ஒன்றை வாடிக்கையாளருக்குக் காட்டியதாகிவிடும்.

கூரைக்கு முன்னால் தென்னை மட்டை தொங்கினால், பேனல் அதன் பின்னால் மறையும்படி மாஸ்க் போடவேண்டும். மட்டையை அழித்துவிட்டால் படம் பளிச்சென்று இருக்கும். ஆனால் அதன் நிழல் பேனல்மேல் விழுந்து மின் உற்பத்தியைக் குறைக்கும் என்பது வாடிக்கையாளர் கண்ணில் படாமல் போய்விடும். மரத்தை வெட்டுவதாக ஏற்பாடு இருந்தால் மட்டும் அதை நீக்கி, நீக்கியதைப் படத்தின் அடியில் குறிப்பிடலாம்.