துடைத்த தரையில் ஏன் வழுக்குகிறது?

எனக்குத் தெரிந்த ஒரு ஹோட்டல் சமையற்கட்டில் மதியச் சாப்பாடு முடிந்து 3 மணிக்கு மாப்பு போடுவார்கள். சாம்பார் வாளி தூக்கி வந்த பையன் வழுக்கி விழுந்தது அதற்குப் பிறகுதான். விழுந்த இடம் வடைச்சட்டிக்குப் பக்கத்தில்கூட இல்லை. நாலடி தள்ளி, பளிச்சென்றிருந்த நடைவழியில். "தொடச்ச எடத்துலயாடா விழுந்தே?" என்றார் மாஸ்டர். துடைத்ததுதான் வினை.

நடக்கும்போது குதிகாலின் பின்விளிம்புதான் முதலில் தரையைத் தொடும். அந்த நொடியில் அடியிலுள்ள ஈரம் பிதுங்கி வெளியேற வேண்டும். வெளியேறாவிட்டால் செருப்புக்கும் கல்லுக்கும் நடுவே மெல்லிய ஏடாக நின்றுவிடும்; செருப்பு கல்லைத் தொடாமலே அதன்மேல் சறுக்கிப்போகும். இந்த ஏட்டைக் கிழிப்பவை கல்லின் நுண்ணிய சொரசொரப்புகள். பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்புத் துறை சொல்லும் கணக்குப்படி, தண்ணீர் சிந்தும் தரைக்குச் சொரசொரப்பு சுமார் 20 மைக்ரான் இருந்தால் போதும். ஆலிவ் எண்ணெய் போன்ற கெட்டியான எண்ணெய்க்குச் சுமார் 60 வேண்டும். ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன். வழவழ டைல்ஸுக்கு இதெல்லாம் கனவு.

அடுப்படியில் தெறிக்கும் எண்ணெய் அங்கேயே கிடந்தால் கண்ணில் படும், ஆட்கள் ஒதுங்கி நடப்பார்கள். ஒரே வாளித் தண்ணீரில் மாப்பை அலசி அலசி இழுக்கும்போது அதே எண்ணெய் நடைவழி முழுக்கப் பூசப்படுகிறது. மேலே தண்ணீர் வேறு. அதோடு விடாது, நாள்பட்ட எண்ணெய் காற்றுபட்டு இறுகி, பழுப்பு வார்னிஷ் போலச் சொரசொரப்புக் குழிகளை அடைத்துவிடும். வாங்கும்போது பிடிப்பாக இருந்த டைல்ஸ் ஆறு மாதத்தில் வழுக்குவதாகக் கடைக்காரரைத் திட்டுவார்கள். பாவம் அவர்.

கண்டுபிடிப்பது சுலபம். கழுவிய தரையில் கொஞ்சம் நல்ல தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். பரவாமல் திட்டுத்திட்டாகத் திரண்டு நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது.

அதை எடுக்க மாப்பு உதவாது. சிந்திய எண்ணெயை முதலில் காகிதத்தாலோ பழந்துணியாலோ ஒற்றி எடுக்க வேண்டும். பிறகு சோப்புக் கரைசலை ஊற்றி, ஐந்து பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். ஊற்றிய வேகத்தில் தேய்த்தால் சோப்பு எண்ணெயைப் பிரிக்க நேரம் போதாது. கெட்டி பிரஷ்ஷால் தேய்த்து, சோப்பு போக அலசி, வைப்பரால் சாக்கடைப் பக்கம் தள்ளிவிட வேண்டும். காயும்வரை யாரும் அந்த வழியில் போகக் கூடாது. பாதிப் பாதியாகக் கழுவினால் நடக்க ஒரு காய்ந்த பக்கம் மிஞ்சும். மாஸ்டருக்குக் காயவிடுவதில்தான் சிக்கல்: 4 மணிக்கு டிபன் தொடங்கிவிடும்.

பையனின் ஹவாய் செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். ஈரம் ஓடி வெளியேறத்தான் அடியில் வரிகள் வைத்திருக்கிறார்கள். குதிகாலில் அவை தேய்ந்து கண்ணாடி போலாகியிருந்தன; முன்பக்க வரிகள் முழுக்கக் காய்ந்த தோசைமாவு.